பதினாறு மாத்திரைக் கணக்கு

எங்க ஊர்ல இங்கிலீஷ்ல எந்தக் காகிதம் வந்தாலும் கடைசியில அது என் போனுக்குத்தான் வந்து சேரும். பேங்க் நோட்டீஸ், பயிர்க் காப்பீட்டு ரசீது, மருந்து டப்பா மேல ஒட்டியிருக்கற லேபிள், எதுவா இருந்தாலும் யாராவது ஒருத்தர் போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பிட்டு, "இதென்னன்னு கொஞ்சம் பாருங்க"ன்னு ஒரு வார்த்தை போட்டுருவாங்க. நான் டிப்ளமோ வரைக்கும் படிச்சவன். அதுக்கு மேல ஒண்ணும் பெரிய படிப்பு இல்லை. ஆனாலும் வாய்க்கால் கரையோரம் இருக்கற இந்த இருபது முப்பது வீட்டுக்கு நான்தான் வாசிப்புக்காரன்.

அதுல அதிகமா வர்றது டாக்டர் சீட்டுதான். ரொம்ப வருசமா படிச்சுச் சொல்லிட்டு இருந்ததுல, எனக்கே ஒரு தைரியம் வந்துருச்சு. அந்தத் தைரியம் போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை என்ன செஞ்சுதுன்னு இங்க எழுதி வெக்கணும்னு தோணுச்சு. எனக்குப் பெருமை சேர்க்கற விசயம் இல்லைதான். ஆனா இதே வேலையை அவங்கவங்க ஊர்ல செய்யற ஆளுக இதைப் படிப்பீங்க, அதனால எழுதறேன்.

பக்கத்துத் தோட்டத்து அத்தைக்கு ஐம்பத்தெட்டு வயசு. ஒரு வருசமாவே ரெண்டு கையும் சரியில்லை. காலையில எந்திரிச்சா விரல் மடங்காது. கட்டுத்தரைக்குப் போயி மாட்டுக்காம்பைப் புடிச்சாங்கன்னா கண்ல தண்ணி வந்துரும். வெயில் ஏறி பத்து மணி ஆனாத்தான் கை கொஞ்சம் இளகும். மூட்டெல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கியிருந்துச்சு. உள்ளூர்ல ஊசி போட்டு, வலி மாத்திரை தின்னு பாத்தாச்சு. கடைசியில திருப்பூர்ல வேலை பாக்கற அவங்க பையன் ஒரு திங்கக்கிழமை லீவு போட்டுட்டு வந்து, கோயம்புத்தூர்ல முடக்குவாதத்துக்குன்னே இருக்கற ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனான். ரத்தமெல்லாம் எடுத்துப் பாத்துட்டு, ஒரு மாசத்துக்கு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. அங்கயே கீழ இருந்த கடையில ராத்திரி எட்டரை மணிக்குக் கூட்டத்துல நின்னு வாங்கினது. கடைசி பஸ்ஸைப் புடிக்கற அவசரத்துல, கடைக்காரர் சொன்னது பாதி காதுல விழுந்துது, பாதி விழலை. அத்தையை வீட்ல விட்டுட்டு, சீட்டைச் சட்டைப் பையில வெச்சுட்டே பையன் விடியக்காலம் திருப்பூர் போயிட்டான்.

செவ்வாய்க்கிழமை பொழுதோட அத்தை போன் பண்ணுனாங்க. "ஏங்கண்ணு, மாத்திரையெல்லாம் ஒரே பையில கெடக்குது. எது எப்பன்னு தெரியல. அவன் சீட்டை உனக்குப் போட்டோ அனுப்பறேன்னான், பாத்துச் சொல்லு சாமி."

போட்டோ வந்துச்சு. கம்பெனி கேண்டீன்ல டியூப்லைட்டுக்கு அடியில எடுத்தது. நாலா மடிச்ச காகிதம், மடிப்பு சரியா நடுவுல ஒரு வரி மேல விழுந்திருந்துச்சு. வலது ஓரம் போட்டோவுக்குள்ள முழுசா வரலை. விளக்கு வெளிச்சம் பட்டு ஒரு இடம் வெள்ளை வெளேர்னு இருந்துச்சு.

இருந்தாலும் நெறையா புரிஞ்சுது. மேல பேரு, வயசு, எடை. இடது பக்கத்துல ரத்தப் பரிசோதனை முடிவுக. அதுக்குக் கீழ அஞ்சு வரி மாத்திரை. ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி 'டி'ன்னு ஒரு எழுத்து. அது டேப்லெட். 'சி' போட்டிருந்தா கேப்சூல், 'எஸ்.ஒய்.பி' போட்டிருந்தா சிரப். அப்புறம் 1-0-0 மாதிரி மூணு எண்ணு. காலை, மத்தியானம், ராத்திரி. இதெல்லாம் ஊர்ல பாதிப்பேருக்கே தெரியும். எனக்கு அதுக்கு மேலயும் கொஞ்சம் தெரியும்: ஓ.டி.ன்னா ஒரு நாளைக்கு ஒரு தடவை, பி.டி.ன்னா ரெண்டு தடவை, டி.டி.எஸ்.ன்னா மூணு தடவை, எச்.எஸ்.ன்னா தூங்கப்போற முன்னாடி, எஸ்.ஓ.எஸ்.ன்னா தேவைப்பட்டா மட்டும். ஏ.சி.ன்னா சாப்பாட்டுக்கு முன்னாடி, பி.சி.ன்னா சாப்பாட்டுக்கு அப்புறம்.

அஞ்சுல மூணு வரி தெளிவா இருந்துச்சு. ஒண்ணு வயித்து எரிச்சலுக்குக் காலையில வெறும் வயித்துல. ஒண்ணு ராத்திரிக்கு. ஒண்ணு பிரட்னிசோலோன் அஞ்சு மில்லிகிராம், காலையில. மூணாவது வரியும் நாலாவது வரியும்தான் மடிப்புலயும் வெளிச்சத்துலயும் மாட்டிக்கிச்சு. மூணாவது வரியில 'மெ'ன்னு ஆரம்பிக்கற ஒரு நீளமான பேரு, அதுக்கப்புறம் 2.5, அதுக்கப்புறம் நாலு, அப்புறம் ஒரு 'ஓ', அதை ஒட்டி ஏதோ ஒரு கிறுக்கல். கடைசியில ஒரு அடைப்புக்குறியும் 'டி'ங்கற எழுத்தும். அதோட போட்டோ முடிஞ்சுருச்சு.

பேரைப் படிக்க முடியலைன்னாலும் நான் விடலை. மூளை தானா நிரப்பிக்குது பாருங்க, அதான் இதுல இருக்கற ஆபத்து. 'ஓ'க்குப் பக்கத்துல எது இருந்தாலும் அது 'டி'யாத்தான் இருக்கும், ஏன்னா நான் பாத்த நூறு சீட்டுலயும் அப்படித்தான் இருந்துச்சு. ஓரத்துல இருந்த 'டி' டேப்லெட்டா இருக்கும். ஆக, நாலு மாத்திரை, தினம் ஒரு தடவை. நாலு கொஞ்சம் அதிகமாத் தெரிஞ்சுது. ஆனா 2.5 தானே, சின்ன மாத்திரை, அதான் நாலு போலன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

"அத்தை, சின்னதா மஞ்சக் கலர்ல ஒரு மாத்திரை இருக்குதுங்களா?"

"இருக்குது கண்ணு."

"அது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நாலு. தினமும்."

"நாலா? செரி."

அவ்வளவுதான் பேச்சு. அன்னிக்கு ராத்திரி அத்தை நாலு மாத்திரையைப் போட்டுட்டுப் படுத்துட்டாங்க.

மறுநாள் புதன்கிழமை எங்க தோப்புல தேங்காய் வெட்டு. வெட்டு முடிஞ்சா, ஒரு மரத்துக்கு எத்தனை குலை, குலைக்குச் சராசரி எத்தனை காய்னு மனசுலயே ஒரு கணக்குப் போட்டு, யாவாரி எண்ணுன எண்ணிக்கையோட வெச்சுப் பாப்பேன். ரெண்டும் ஒத்து வரலைன்னா எங்கயோ தப்பு. மறுபடியும் எண்ணச் சொல்லுவேன். அன்னிக்கும் அப்படி எண்ணிட்டு இருக்கறப்பத்தான் சட்டுனு பொறி தட்டுச்சு. தினம் நாலுன்னா மாசத்துக்கு நூத்தி இருபது மாத்திரை. பத்து மாத்திரை அட்டைன்னா பன்னெண்டு அட்டை. ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில எல்லா மாத்திரையும் சேந்தே கெடக்குதுன்னுல்ல அத்தை சொன்னாங்க?

வேலையை ஆளுககிட்ட விட்டுட்டு அத்தை வீட்டுக்குப் போனேன். பையைக் கட்டில் மேல கொட்டி எண்ணுனேன். வயித்து மாத்திரை முப்பது. ராத்திரி மாத்திரை முப்பது. பிரட்னிசோலோன் பதினாலு. போட்டது போக இருக்கறதையும் சேத்துத்தான் சொல்றேன். மஞ்ச மாத்திரை மொத்தமே பதினாறு. ஒரு முழு அட்டை, இன்னொரு அட்டையில ஆறு வெட்டிக் குடுத்தது. அதுல நாலு காலி. மிச்சம் பன்னெண்டு. நான் சொன்ன கணக்குப்படி வெள்ளிக்கிழமை ராத்திரியோட தீந்துரும். டாக்டர் ஒரு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காரு. நாலாவது வரி மாத்திரை அதை விட மோசம், மொத்தமே நாலுதான்.

கடைக்காரர் கம்மியாக் குடுத்துட்டாரோன்னு ஒரு நிமிசம் நெனச்சேன். ஆனா மத்ததெல்லாம் கணக்கா இருக்குதே. பதினாறை நாலால வகுத்தா நாலு. ஒரு மாசத்துக்கு நாலு வாரம். அங்கயே கை கால் எல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சு. அத்தைகிட்ட ஒண்ணுமே சொல்லலை. "இதை இன்னிக்கு ராத்திரி போடாதீங்க, நான் வந்து சொல்ற வரைக்கும் தொடாதீங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு, அட்டைக எல்லாத்தையும் எடுத்துட்டு வண்டியை எடுத்தேன். டவுன் ஏழு கிலோமீட்டர்.

டவுன்ல நான் எப்பவும் போற மெடிக்கல் ஒண்ணு இருக்குது. முன்னாடி கல்லாவுல ஒரு பையன் நிப்பான். சீட்டைக் குடுத்தா மருந்தை எடுத்துக் குடுப்பான். உள்ள ஒரு பொண்ணு உக்காந்திருக்கும், செவுத்துல அதோட சர்டிபிகேட் போட்டோவோட மாட்டியிருக்கும். அந்தப் பொண்ணுதான் பார்மசிஸ்ட்டு. அன்னிக்கு வரைக்கும் அந்த வித்தியாசம் எனக்குப் பெருசாத் தெரிஞ்சதில்லை. மருந்து எடுத்துக் குடுக்கறவங்க எல்லாரும் மருந்துக்குப் படிச்சவங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன். பதிவு பண்ணுன பார்மசிஸ்ட்டு மேற்பார்வையிலதான் டாக்டர் சீட்டு மருந்தைக் குடுக்கணும்னு சட்டமே இருக்குது. அதனால இப்பெல்லாம் கடைக்குப் போனா முதல் கேள்வியே, "பார்மசிஸ்ட் இருக்காங்களா?"ங்கறதுதான்.

போட்டோவைக் காட்டினேன். அந்தப் பொண்ணு ரெண்டு நிமிசம் பெருசு பண்ணிப் பாத்துட்டு, போனைத் திருப்பிக் குடுத்துருச்சு. "இந்த வரி எனக்கும் படிக்க வரலைங்ணா. அட்டை வெச்சிருக்கீங்களா?"

எனக்கு அது ஆச்சரியமா இருந்துச்சு. தினமும் நூறு சீட்டு பாக்கற பொண்ணுக்குப் படிக்க வரலை, எனக்குப் படிக்க வந்துருச்சு.

அட்டையைப் பாத்ததும் அந்தப் பொண்ணு முகம் மாறிருச்சு. "இது மெத்தோட்ரெக்ஸேட்டுங்ணா. யாரு போடறாங்க? எத்தனை போட்டாங்க?"

சொன்னேன். நேத்து ராத்திரி நாலு. அதுக்கு முன்னாடி போட்டதே இல்லை. இன்னிக்கு இன்னும் போடலை. அப்பத்தான் அந்தப் பொண்ணு ஸ்டூல்ல உக்காந்துச்சு.

"வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடற மாத்திரை இது. உங்ககிட்ட யாரு தினமும்னு சொன்னது?"

நான்தான்னு சொன்னேன்.

அப்புறம் அந்தப் பொண்ணு செஞ்ச வேலையைத்தான் நான் பக்கத்துல நின்னு பாத்தேன். டாக்டர் கையெழுத்தைப் படிக்கறதுதான் மருந்தாளர் வேலைன்னு இத்தனை நாளா நெனச்சிருந்தேன். அந்தப் பொண்ணு எழுத்தை நம்பவே இல்லை. சீட்டுல இருக்கற ஒண்ணை இன்னொண்ணோட வெச்சு ஒத்துப் பாத்துச்சு. மெத்தோட்ரெக்ஸேட் ரெண்டரை மில்லிகிராம், நாலு மாத்திரை, ஆக பத்து மில்லிகிராம். முடக்குவாதத்துக்கு வாரத்துக்குப் பத்துங்கறது ஆரம்பத்துல வழக்கமாக் குடுக்கற அளவுதான், சரி. நாலாவது வரி போலிக் ஆசிட் அஞ்சு மில்லிகிராம். இந்த மாத்திரை எழுதுனா அதுவும் கூட எழுதுவாங்க, சரி. மாத்திரை பதினாறு, போலிக் ஆசிட் நாலு. ரெண்டும் நாலு வாரத்துக்குச் சரியா வருது. "உங்க போட்டோவுல இருக்கறது 'ஓ'க்குப் பக்கத்துல 'டபிள்யூ'வா இருக்கணும்ங்ணா. ஒன்ஸ் வீக்லி. ஓரத்துல 'டி'ன்னு வெட்டுப்பட்டு நிக்கறது டியூஸ்டேவா இருக்கும். ஆனா இருக்கும்னு நான் நெனைக்கறது போதாது. தேர்ஸ்டேக்கும் 'டி'தான்."

சீட்டு மேல அச்சடிச்சிருந்த ஆஸ்பத்திரி நம்பர் போட்டோவுல தெளிவா இருந்துச்சு. அந்தப் பொண்ணே போன் பண்ணி, பதிவு எண்ணைச் சொல்லி, கோப்பை எடுக்க வெச்சு, வரி வரியாக் கேட்டு ஒரு வெள்ளைத் தாள்ல எழுதுச்சு. மெத்தோட்ரெக்ஸேட் பத்து மில்லிகிராம், செவ்வாய்க்கிழமை மட்டும். போலிக் ஆசிட் வியாழக்கிழமை மட்டும். பையன்கிட்டயும் பேசி, அசல் சீட்டை வெளிச்சத்துல விரிச்சு வெச்சுப் புதுசா ஒரு போட்டோ வாங்குச்சு. அதுல பாத்தா, அடைப்புக்குறிக்குள்ள டி.யு.இ.ன்னு மூணு எழுத்தும் அழகா இருக்குது.

அத்தை அந்த நாலு மாத்திரையைப் போட்டது செவ்வாய்க்கிழமை. டாக்டர் போடச் சொன்னதும் அதே நாள்தான். அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, அதிர்ஷ்டம். புதன்கிழமை ராத்திரியும் நாலு போட்டிருந்தா ஒரு வாரத்துக்கான அளவு ரெண்டு மடங்கு உள்ள போயிருக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு மாச மருந்தும் நாலு நாள்ல உள்ள போயிருக்கும்.

போனா என்ன ஆகும்னு கேட்டேன். அந்தப் பொண்ணு எனக்குப் புரியற மாதிரி சொல்லுச்சு. உடம்புல புதுசா அணுக்கள் உண்டாகறதுக்குப் போலேட்ங்கற சத்து வேணும். இந்த மருந்து அந்தச் சத்து வேலை செய்யறதைத் தடுக்குது. இதே மருந்தைப் பெரிய அளவுல புற்றுநோய்க்குக் குடுக்கறாங்க. வாரத்துக்கு ஒரு தடவை சின்ன அளவுல குடுத்தா, மூட்டைத் தாக்கற எதிர்ப்புச் சக்தியோட வேகத்தை அடக்குது. இடையில இருக்கற ஆறு நாள்ல மத்த இடமெல்லாம் தேறிக்குது. தினமும் குடுத்தா தேறறதுக்கு நேரமே கெடைக்காது. சீக்கிரம் சீக்கிரமாப் புது அணு உண்டாகற இடமெல்லாம் முதல்ல அடிபடும். வாய்த்தோல், குடல், எலும்புக்குள்ள ரத்தம் ஊறற மஜ்ஜை. வாய் பூராவும் புண்ணு, விடாத பேதி, அப்புறம் வெள்ளை அணு விழுந்து காய்ச்சல், தட்டணு விழுந்து ரத்தக்கசிவு. வயசானவங்களுக்கும் கிட்னி சரியில்லாதவங்களுக்கும் மருந்து உடம்பை விட்டு வெளிய போக லேட்டாகும், அதனால இன்னும் மோசம். உசுரே போயிரும்.

"தெரியாம தினமும் போட்டுட்டாங்கன்னா என்ன பண்றது?"

"ஒரு தடவை கூடப் போட்டிருந்தாலும் நல்லாத்தானே இருக்காங்கன்னு காத்திருக்கக் கூடாதுங்ணா. வாய்ப்புண்ணு வர்றதுக்கே சில நாள் ஆகும். அட்டையை எடுத்துட்டு நேரா பெரிய ஆஸ்பத்திரி போயிரணும். போலினிக் ஆசிட்னு முறிவு மருந்து இருக்குது, சீக்கிரம் குடுத்தாத்தான் நல்லா வேலை செய்யும்." கடையில விக்கற போலிக் ஆசிட்டும் அதுவும் ஒண்ணு இல்லைன்னும் சொல்லுச்சு.

வீட்டுக்கு வந்து இதைப் பத்திப் படிச்சேன். இந்தத் தப்பைச் செஞ்சது நான் மட்டும் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை போட வேண்டிய இந்த மாத்திரையைத் தினமும் போட்டு உலகம் பூராவும் ஆளுக செத்திருக்காங்க. ஐரோப்பிய மருந்து முகமை 2019-ல இதுக்குன்னே தனியா நடவடிக்கை எடுத்து, வாரம் ஒரு தடவை மட்டும்னு பெட்டி மேல பளிச்சுனு போடணும், நோயாளிக்கு ஒரு அட்டை குடுக்கணும்னெல்லாம் சொல்லியிருக்குது. நம்ம நாட்டுலயும் மருந்தோட பொதுப்பேரைப் புரியற மாதிரி, முடிஞ்சா பெரிய எழுத்துல எழுதணும்னு டாக்டர்களுக்கான விதியில 2016-ல திருத்தம் வந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும், எங்க விசயத்துல டாக்டர் கிழமையோட தெளிவாத்தான் எழுதியிருந்தாரு. மடிப்பும் வெளிச்சமும் வெட்டுப்பட்ட ஓரமும் பாதித் தப்பு பண்ணுச்சு. மிச்சப் பாதி நான் பண்ணுனது.

கெளம்பறப்ப அந்தப் பொண்ணு இன்னும் சில கேள்வி கேட்டுச்சு. கிட்னிக் கோளாறு உண்டா? பழைய வலி மாத்திரை இன்னும் போடறாங்களா? வேற ஏதாச்சும் மருந்து? வலி மாத்திரை ஒரு அட்டை அத்தை வீட்ல மாடத்துல இருந்துது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. சொன்னேன். டாக்டரைக் கேக்காம அதைப் போட வேண்டாம், இந்த மருந்து கிட்னி வழியாத்தான் வெளிய போகணும், வலி மாத்திரை அதுக்கு இடைஞ்சல் பண்ணும்னு சொல்லுச்சு. பாருங்க, இது சீட்டுலயே இல்லாத விசயம். சீட்டை எவ்வளவு நல்லாப் படிச்சாலும் இது கெடைக்காது. ஆளைக் கேட்டாத்தான் கெடைக்கும்.

சீட்டோட அடியில இருந்த இன்னொரு வரியையும் அப்பத்தான் புரிஞ்சுக்கிட்டேன். பிரட்னிசோலோன் பக்கத்துல ரெண்டு, சாய்வுக்கோடு, ஐம்பத்திரண்டுன்னு எழுதியிருந்துச்சு. நான் அதை ஏதோ அளவுன்னு நெனச்சு விட்டுட்டேன். வருசத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம். ஆக 2/52ன்னா ரெண்டு வாரம். 5/7ன்னா அஞ்சு நாள், 3/12ன்னா மூணு மாசம். பதினாலு மாத்திரை ரெண்டு வாரத்துக்குச் சரியா வந்துச்சு. கீழ இருந்த ரத்தப் பரிசோதனைக்கும் அதே 2/52தான். ரெண்டு வாரத்துல ரத்த அணு, ஈரல், கிட்னி மூணும் பாக்கணும்னு அர்த்தம். அதையும் நான் சொல்லாம விட்டிருந்தேன்.

ராத்திரி எட்டு மணிக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். நடந்ததை மறைச்சு, "டாக்டர் மாத்திட்டாரு"ன்னு சொல்லிரலாமான்னு வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். சொல்ல மனசு வரலை. "அத்தை, நான் தப்பாப் படிச்சுட்டேனுங்க. அது வாரத்துக்கு ஒரு தடவைதான்"னு சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நாலுன்னு நீ சொன்னப்பவே மனசுல கேட்டுச்சு கண்ணு. நீ சொன்னாச் செரியாத்தான் இருக்கும்னு போட்டுட்டேன்"னாங்க. திட்டியிருந்தாக் கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

அதுக்கப்புறம் போட்டோ வந்தா நான் செய்யற முறையே மாறிப்போச்சு. இன்னமும் படிக்கத்தான் செய்யறேன். இது எந்த டாக்டர் சீட்டு, தேதி என்ன, யாரு பேரு, மறுபடியும் எப்ப வரச் சொல்லியிருக்காங்க, என்ன டெஸ்ட் எடுக்கணும், எத்தனை வரி மருந்து இருக்குது, பின்பக்கமும் எழுதியிருக்குதா, இதெல்லாம் போட்டோவுலயே சொல்லிரலாம். அந்த மருந்து எத்தனை, எப்ப, எத்தனை நாள்னு மட்டும் சொல்றதில்லை. "அட்டையையும் அசல் சீட்டையும் எடுத்துட்டு வாங்க, கடைக்குப் போலாம்"னு சொல்றேன். போட்டோவைப் பெருசு பண்ணலாமே தவிர, காகிதத்தைச் சாய்ச்சு வெச்சு பேனா அழுத்துன பள்ளத்தைப் பாக்க முடியாது. ரெண்டரைக்கு நடுவுல இருக்கற புள்ளி மடிப்புல போயிருச்சுன்னா அது இருபத்தஞ்சு. புள்ளி இருந்துச்சுன்னே போட்டோவுல தெரியாது.

அட்டைகளையும் முதல்ல எண்ணிருவேன். மாத்திரை எண்ணிக்கையும் சொன்ன நாளும் ஒத்து வரலைன்னா, யாரோ தப்பாப் படிச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஆனா ஒத்து வந்துருச்சுங்கறதுக்காகச் சரின்னும் முடிவு பண்ணக் கூடாது. கடையிலயும் தப்பாப் படிச்சிருந்தா, தப்புக்குத் தகுந்த மாதிரியே எண்ணிக் குடுத்திருப்பாங்க. அப்ப நூத்தி இருபதும் கணக்கா இருக்கும். அதனாலதான் எண்ணிக்கை சரியா இருந்தாலும் பார்மசிஸ்ட்டைக் கேக்கறது. அவங்களுக்குச் சந்தேகம் இருந்தா டாக்டருக்குப் போன் போடறது. அது வரைக்கும் சந்தேகம் இருக்கற அந்த ஒரு மாத்திரையைத் தொடாம இருக்கறது. ரெண்டு மணி நேரம் லேட்டாகறதுல, இது மாதிரி மருந்துக்கு ஒண்ணும் ஆயிராது. சர்க்கரை, இருதயம், வலிப்பு மாதிரி தினசரி மருந்தை மட்டும் நிறுத்தி வெச்சுட்டு உக்காரக் கூடாது, உடனே கேட்டுரணும்.

அத்தை வீட்டுச் செவுத்துல இப்ப தினசரிக் காலண்டர் தொங்குது. செவ்வாய்க்கிழமைத் தாள்லயெல்லாம் பையன் சிவப்புப் பேனாவுல நாலு புள்ளி வெச்சுக் குடுத்துட்டான். வியாழக்கிழமைத் தாள்ல ஒரு புள்ளி. பார்மசிஸ்ட் பொண்ணு குடுத்த யோசனைதான். மாத்திரை போட்டதும் அந்தத் தாளைக் கிழிச்சு அட்டையோட சேத்து ரப்பர் பேண்டு போட்டு வெச்சுருவாங்க. போட்டமா இல்லையான்னு சந்தேகம் வந்தா அதைப் பாத்தாப் போதும். ரெண்டு வாரத்து ரத்தப் பரிசோதனை நல்லபடியா வந்துருச்சு. கை உடனே சரியாகாது, இந்த மருந்து வேலை செய்ய ஒண்ணரை மாசம், ரெண்டு மாசம் கூட ஆகும்னு சொல்லியிருக்காங்க. நேத்துக் காலையில அந்தப் பக்கம் போனப்ப கட்டுத்தரையில உக்காந்திருந்தாங்க. பால் கறக்கறது இன்னும் மருமகதான். அத்தை கன்னுக்குட்டியைப் புடிச்சுட்டு இருந்தாங்க.

"கண்ணு, இன்னிக்கு என்ன கெழமை?"ன்னு கேட்டாங்க.

திங்கக்கிழமைன்னேன்.

"அப்ப நாளைக்குத்தான்"னு சொல்லிட்டு, கன்னைத் தாய்கிட்ட விட்டாங்க.